பால்வெட்டில் பாம்பு கடித்தால்: ஒரு துண்டுச்சீட்டில் எழுத வேண்டியவை

குமரி மாவட்ட ரப்பர் தோட்டம். விடியுமுன் தலைவிளக்கோடு பால் வெட்டப் போனவர் சருகில் கால் வைக்கிறார், கணுக்காலில் சுருக்கென்று ஏதோ தைக்கிறது. “முள்ளுதான்” என்று அடுத்த மரத்துக்கு நடந்துவிடுவதுதான் வழக்கம். நாம் வைத்துக்கொள்ளும் இந்த ஆள் நடக்கவில்லை, கத்திக் கூப்பிட்டார்.

முதலில் மணி பாருங்கள்

மணி 5.40. கிடைத்த தாளில், இல்லாவிட்டால் அவர் கையிலேயே, பேனாவால் எழுதுங்கள். வீக்கம் எட்டிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். கால் மணிக்கு ஒரு கோடு போட்டால் விஷம் ஏறும் வேகம் மருத்துவருக்குத் தெரியும். வாந்தி, ஈறில் ரத்தம், கண்ணிமை சொருகல் எதுவானாலும் தொடங்கிய நேரத்தோடு குறியுங்கள்.

பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். இரண்டாவது ஆளும் கடிபடுவது அப்படித்தான். எட்ட நின்று போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள்.

காலை அசைக்காதீர்கள்

மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலைப் போல இரண்டு குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். கண்ணாடி விரியன் விஷம் தசையை அரிக்கும். இறுக்கிக் கட்டினால் அது அங்கேயே தேங்கி இன்னும் கெடுக்கும். யாராவது ஏற்கெனவே இறுக்கியிருந்தால் சட்டென்று அவிழ்க்காமல், கட்டிய நேரத்தைச் சீட்டில் சேர்த்து, ஆஸ்பத்திரியில் அவிழ்க்க விடுங்கள். வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள், சிலவகை ரத்தக்கசிவைக் கூட்டும்.

கொண்டுபோவது

அவரை நடக்க விடாதீர்கள். 108 வண்டி தோட்டத்துக்குள் வராது என்றால் தார்ச்சாலை வரை தூக்குங்கள். வேறு வழியில்லாதபோது பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைக்கலாம். விஷமுறி மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டபிறகே ஆஸ்பத்திரியை முடிவு செய்யுங்கள். இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்புவதில்தான் ஒரு மணி நேரம் போய்விடும்.

அங்கே என்ன நடக்கும்

6.50க்குச் சேர்ந்தார். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்தார்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் நல்ல ரத்தமே உறையாததுபோல் காட்டும். 7.10க்குச் சரித்தபோது தண்ணீராக ஓடியது. விரியன் விஷம்தான். விஷமுறி 10 குப்பி ஏற்றினார்கள். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி கைவசம் இருந்தது. 6 மணி நேரம் கழித்து அதே சோதனை மறுபடியும்.

முதல் சோதனையில் உறைந்துவிட்டதென்று வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். கடித்துச் சில மணி நேரம் கழித்தும் ரத்தம் உறையாமல் போகலாம். சீட்டிலுள்ள 5.40 இல்லாமல் அடுத்த சோதனையை எப்போது வைப்பதென்று கணக்கிடுவது கடினம்.

இந்த மலையோரத் தோட்டங்களில் மூக்கு நிமிர்ந்த சிறு குழிவிரியனும் உண்டு. நம்மூர் விஷமுறி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கு மட்டுமே செய்யப்பட்டது, இதன் விஷத்தை முறிக்காது. குழிவிரியன் கடி சிறுநீரகத்தைத் தாக்கலாம். அதனால் அந்த போட்டோவைக் காட்டுங்கள், சிறுநீர் அளவு குறைந்தால் உடனே சொல்லுங்கள்.