காப்புறுதியில் இரு சிக்கல்கள்

பாதகத் தெரிவு, ஒழுக்க இடர் ஆகிய இரண்டும் மாணவிகளைக் குழப்புவதைக் காண்கிறேன். முன்னையது காப்புறுதியில் சேருமுன் எழுவது, பின்னையது சேர்ந்தபின் எழுவது.

ஒரு கம்பனி மருத்துவக் காப்புறுதிக்கு எல்லோரிடமும் வருடத்துக்கு 40,000 ரூபா அறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 5,000 ரூபாவே செலவாகும் சுகதேகி விலகிவிடுவார். 60,000 ரூபா செலவாகும் நீரிழிவு நோயாளி சேருவார். நோயாளிகளே எஞ்ச, கட்டணம் 60,000 ஆக ஏறும். இது பாதகத் தெரிவு.

இப்போது கம்பனி 12,000 ரூபாவுக்கு இன்னொரு திட்டத்தையும் வழங்குகிறது. அதில் செலவின் முதல் 50,000 ரூபா நம்முடையது, அதாவது கழிவுத்தொகை. நோயாளிக்கு இதில் 62,000 முடியும். அவர் பழைய திட்டத்திலேயே நிற்பார். சுகதேகிக்கு வழமையாக 17,000தான்; பெரிய சத்திரசிகிச்சைப் பயமும் நீங்குவதால் திரும்பி வருவார். யாரையும் கேளாமலே உடல்நிலை தெரிந்துவிடுகிறது. ஆனால் நோயாளியின் சுமை குறையவில்லை.

ஒழுக்க இடர் என்பது, பணம் வேறொருவருடையது என்றதும் செலவு கூடுவது. கழிவுத்தொகை இதையும் தடுக்கும், 50,000 ரூபாவைத் தாண்டும்வரை மட்டும். அதன்பின்னும் கை இறுக வேண்டுமானால், ஒவ்வொரு பில்லிலும் 20 வீதம் போல ஒரு பங்கை நாமே செலுத்தும் இணைக்கொடுப்பனவு வேண்டும்.

அமெரிக்காவில் 1970களில் ராண்ட் நிறுவனம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்தது. தெரிவே இல்லாததால் ஒழுக்க இடர் தனித்துத் தெரிந்தது. 95 வீதம் வரை தாமே செலுத்தியோர், இலவசமாகப் பெற்றோரைவிடச் சுமார் 30 வீதம் குறைவாகச் செலவிட்டனர். ஆனால் வீண் சிகிச்சையோடு அவசியமான சிகிச்சையும் குறைந்தது.