அட்டைக்குள் இருக்கும் பணம்

சென்னை மெட்ரோ ரயில் நிலையத்தில் பயணி ஒருவர் தம் அட்டையை வாயிலில் வைத்த மாத்திரத்தில் கதவு திறந்துவிடுகிறது. கடையிலோ, வங்கி அட்டையைச் செருகிய பிறகு இயந்திரம் சற்று யோசித்தே ரசீதைத் தருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு பிளாஸ்டிக் துண்டுகள்தாமே! வேற்றுமை, பணம் எங்கே இருக்கிறது என்பதில்தான் உள்ளது.

வங்கி அட்டையில் பணம் கிடையாது. அது கணக்கைச் சுட்டும் அடையாளம் மட்டுமே. ஆகவே கடைக்காரரின் வங்கி நமது வங்கியைக் கேட்டு, "இருப்பு உண்டு" என்ற விடை திரும்பி வரவேண்டும். இதற்குச் சில விநாடிகள் ஆகும். காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அப்படி நின்றால் வரிசை படிக்கட்டு வரை நீண்டுவிடும்.

2023 ஏப்ரலில் வெளிவந்த சிங்காரச் சென்னை அட்டை நம் பாட்டிமாரின் சுருக்குப்பையைப் போன்றது. அதன் சில்லுக்குள்ளேயே இருப்புத் தொகை எழுதப்பட்டிருக்கிறது. அட்டையில் மின்கலம் இல்லை. வாயில் அனுப்பும் வானொலி அலையிலிருந்தே அது மின்சாரம் பெறுகிறது.

இருப்பு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நுழையும்போது பணம் குறைவதில்லை. நிலையத்தின் பெயரும் நேரமும் மட்டும் சில்லில் பதிகின்றன. வெளியேறும் வாயில் அந்தப் பதிவைப் படித்து, கட்டணம் 40 ரூபாய் எனக் கணக்கிட்டு, 160 என்று மாற்றி எழுதுகிறது. வங்கியை அந்நேரம் கேட்பதே இல்லை. கணக்கு பிறகு போய்ச் சேரும். நாமே 160ஐ 1,600 ஆக்கிவிட முடியாதா என்று குறும்புக்காரத் தோழியர் கேட்கலாம். சில்லில் பூட்டிய இரகசிய எண்ணை அறிந்த இயந்திரம்தான் அதில் எழுத முடியும். அவசரத்தில் அட்டையைப் பாதியில் எடுத்துவிட்டாலும் பழைய தொகையோ புதிய தொகையோதான் இருக்கும்; அரைகுறையாக நிற்காது. நுழைவுப் பதிவு இல்லாவிட்டால் வெளியேறும் கதவு திறக்காது. அப்போது நிலையத்துக் கவுண்டருக்குத்தான் போகவேண்டும்.

2025 ஜனவரி முதல் இதே அட்டை சென்னை மாநகரப் பேருந்துகளிலும் செல்லுகிறது. அங்கே இறங்குமிடத்தை முன்பே சொல்லிவிடுவதால் கண்டக்டரின் கைக்கருவி ஒரே முறையில் கழித்துக்கொள்கிறது.

இலண்டன் சுரங்க ரயிலில் 2014 முதல் வங்கி அட்டையையே வாயிலில் வைக்கலாம். ஏறிய இடமும் இறங்கிய இடமும் குறிக்கப்பட்டு, நாள் முடிந்தபின் மையக் கணினி மொத்தக் கட்டணத்தை வங்கியிடம் கேட்டுப் பெறுகிறது.

சுருக்குப்பைக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பணம் கட்டினால், அது உடனே சில்லுக்குள் வந்துவிடாது. நிலையத்து இயந்திரத்தில் ஒருமுறை அட்டையை வைத்துப் புதுப்பித்தால்தான் ஏறும். இதை அறியாத பயணி, "பணம் போட்டேனே, கதவு திறக்கவில்லையே!" என்று திகைப்பார். மற்றது, தொலைந்துபோவது. வங்கி அட்டை தொலைந்தால் உடனே தெரிவித்துக் கணக்கை முடக்கலாம். இதிலோ சில்லில் உள்ள தொகை திரும்பக் கிடைக்காது. எடுத்தவர் இரகசிய எண் எதுவுமின்றிப் பயணம் செய்யலாம். நல்லவேளையாக இந்தப் பையில் 2,000 ரூபாய்க்கு மேல் வைக்க இடமில்லை.