பேஸ்மெண்ட் குளியலறை: ஒரே வரிக்கு மூன்று விலை

கேள்வி: டோர்செட் பார்க்கில் எங்கள் பழைய பங்களா வீட்டின் பேஸ்மெண்டில் குளியலறை கட்ட மூன்று கொன்ட்ராக்டர்களிடம் விலை கேட்டோம். பட்டியலில் ‘நிலத்தடி வடிகால் வேலை – மொத்தமாக’ என்று எழுதியிருந்தேன். ஒருவர் 4,200 டொலர், அடுத்தவர் 6,500, மூன்றாமவர் 9,800 என்கிறார்கள். குறைந்த விலைக்காரருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த வரியைப் படித்து ஒருவர் குழாய் பதிப்பதற்கு மட்டும் விலை போட்டிருக்கலாம். இன்னொருவர் கொங்கிரீட் உடைப்பதையும் திரும்ப மூடுவதையும் சேர்த்திருக்கலாம். குறைந்த விலைக்காரர் தரையை உடைத்துவிட்டு, ‘மூடுவது எக்ஸ்ட்ரா’ என்றால் உங்களிடம் மறுப்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.

வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும்படி அந்த வரியை மாற்றி எழுதுங்கள்:

“வரைபடத்தில் காட்டிய பாதையில், குளியலறையிலிருந்து வீட்டின் பிரதான வடிகால் வரை, 4 அங்குலம் வரை தடிப்புள்ள கொங்கிரீட் தரையை 18 அங்குல அகலத்தில் வெட்டி, பள்ளம் தோண்டி, அனுமதி பெற்ற வரைபடத்தின்படி குழாய் பதித்து இணைத்து, நகரசபைப் பரிசோதனை முடிந்தபின் மண் நிரப்பி இறுக்கி, பழைய மட்டத்துக்குக் கொங்கிரீட் இட்டு மூடுதல். இடிபாடுகளை அகற்றும் செலவு உட்பட. தரை ஓடு இதில் சேராது. அளவு 22 அடி. முடிந்த நீளத்தை அளந்து, அடி விலைப்படி பணம்.”

கடைசி வாக்கியம் முக்கியம். அடிக்கு 250 டொலர் என்று ஒப்புக்கொண்டால் 22 அடிக்கு 5,500. பாதை 25 அடியானால் கூடுவது 750 மட்டுமே. தரை 4 அங்குலத்துக்கு மேல் தடிப்பாக இருந்தால், கூடும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் விலை கேட்டுத் தனி வரி வையுங்கள். உடைத்த பிறகே தெரியவரும் பழைய குழாயின் பழுதுக்கு, மூவருக்கும் ஒரே தொகையை நீங்களே தற்காலிகமாகக் குறித்துவிடுங்கள். செலவானதற்கு மட்டும் அதிலிருந்து கொடுக்கலாம். எல்லா விலையும் 13 வீத எச்.எஸ்.ரி. இல்லாமல் வரவேண்டும் என்றும் எழுதுங்கள். ஒருவர் எச்.எஸ்.ரி.யைச் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் கொடுத்தால் ஒப்பிட முடியாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002இன் 10ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக அறவிட முடியாது. ஆனால் புதிய வேலைக்கோ புதிய விலைக்கோ நீங்கள் சம்மதித்து ஒப்பந்தத்தைத் திருத்தினால் அந்தப் பாதுகாப்பு அதற்கு உதவாது. ‘எக்ஸ்ட்ரா’ என்று நீட்டும் தாளில் அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். 11ஆம் பிரிவுப்படி, கொன்ட்ராக்டர் தந்த ஒப்பந்தம் இரண்டு விதமாகப் பொருள்பட்டால் உங்களுக்குச் சாதகமாகவே கொள்ளப்படும். பட்டியலை எழுதியவர் நீங்களென்றால் அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது. தெளிவில்லாத வரி உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படலாம்.

ஆகவே திருத்திய தாளையும் வரைபடத்தையும் மூவருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒருவர் சந்தேகம் கேட்டால், கேள்வியையும் பதிலையும் மற்ற இருவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். தெரிவு செய்தபின் அந்தத் தாள் ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்கவேண்டும், பக்கம் பக்கமாக இருவரின் ஒப்பத்தோடு.