மூழ்க மறுத்த நிலம்

எவரெஸ்ட் கொடுமுடியின் உச்சிப் பாறை சுண்ணாம்புக்கல்லாகும். அதனுள் கடல்வாழ் உயிர்களின் ஓட்டுச் சிதைவுகள் காணப்படுகின்றன. கடல்மட்டத்திலிருந்து 8,848 மீட்டருக்கும் மேலாக நிற்கும் அப்பாறை, ஒரு காலத்தில் ஆழமற்ற கடலின் அடியில் படிந்ததென்பதற்கு அவையே சான்று. கடல் அத்துணை உயரம் ஏறவில்லை. கடலடித் தரையே மலைமுடியாக எழுந்தது. அது எவ்வாறு எழுந்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

கடற்றரையும் கண்டமும்

நாம் வாழும் நிலப்பரப்பு, புவியோடு என்னும் மேலடுக்கின் ஒரு பகுதி. அதன் கீழே மூடகம் என்னும் அடர்ந்த பாறை அடுக்கு உள்ளது. அது திண்மமேயாயினும் மிகுந்த வெப்பத்தால் நெடுங்காலப் போக்கில் மெல்ல இளகி நகரும் இயல்புடையது. மூடகப் பாறையின் அடர்த்தி, நீரைப் போல் ஏறத்தாழ 3.3 மடங்கு. கண்டத்தின் புவியோடோ 2.8 மடங்கே. ஆகவே கண்டம் மூடகத்தின் மேல் மிதக்கிறது எனலாம்.

கடற்றரையின் நிலை வேறு. அங்குப் புவியோட்டின் தடிமன் ஏறத்தாழ 7 கிலோமீட்டரே. அதனைத் தாங்கும் தட்டு காலம் செல்லச் செல்லக் குளிர்ந்து கனத்து, மூடகத்தினுள் அமிழ்ந்துவிடுகிறது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்த டெத்திஸ் கடலின் தரை இங்ஙனமே ஆசியாவின் கீழ் மூழ்கி மறைந்தது. அதன் பின்னால் இழுபட்டு வந்த இந்திய நிலப்பகுதி, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. 35 கிலோமீட்டர் தடிமனும் குறைந்த அடர்த்தியும் உடைய அந்நிலம், கடற்றரையைப் போல் எளிதில் மூழ்க இயலவில்லை. ஆயினும் வந்த வேகம் முற்றிலும் அடங்கவுமில்லை. ஆதலால் பாறை அடுக்குகள் மடிந்தன. பிளந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கிடைமட்டத்தில் குறுகிய நிலம் மேலும் கீழும் தடித்தது.

தூக்குக்குண்டு அளித்த சான்று

மலையின் அடியில் வேர் உண்டென்பதை முதலில் உணர்த்தியது ஒரு நிலஅளவைச் சிக்கல். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கப்பெற்ற பெரும் முக்கோண நிலஅளவை, வடக்கே இமய அடிவாரத்தை எட்டியது. கலியான்பூர், கலியானா என்னும் இரு நிலையங்களின் அகலாங்கு வேறுபாட்டை நிலத்தில் அளந்தபோது கிடைத்த விடையும், விண்மீன்களை நோக்கிக் கணித்த விடையும் 5 விகலைக்குச் சற்று மேல் மாறுபட்டன. (விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு.) இமயத்தின் ஈர்ப்பு, கருவியின் தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்ததே காரணம் என எண்ணிய பிராட் என்பார், அவ்வீர்ப்பைக் கணக்கிட்டார். வேறுபாடு ஏறத்தாழ 16 விகலையாக இருத்தல் வேண்டும் என்று விடை வந்தது!

மலை, தன் பருமனுக்கு உரிய அளவு ஈர்க்கவில்லை. ஏன்? 1855-இல் ஏரி என்னும் வானியலறிஞர் ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் மேலே மிக உயர்ந்து தோன்றுவது, கீழேயும் மிக ஆழ்ந்திருக்கும். அதுபோல் மலையின் அடியிலும் இலேசான பாறை வேர்போல் ஆழ்ந்து, கனத்த மூடகத்தின் இடத்தைப் பற்றியிருக்கிறது. அங்குப் பொருண்மை குறைவதால் ஈர்ப்பும் குறைகிறது.

ஓர் எளிய கணக்கு

35 கிலோமீட்டர்ப் புவியோடு இருமடங்காகி 70 கிலோமீட்டர் ஆனதாகக் கொள்வோம். கூடுதலான 35 கிலோமீட்டரின் எடையைத் தாங்க, அதே எடையுள்ள மூடகப் பாறை விலக வேண்டும். 35-ஐ 2.8-ஆல் பெருக்கி 3.3-ஆல் வகுத்தால் 29.7 கிலோமீட்டர் கிடைக்கும். அவ்வளவும் வேராகக் கீழிறங்கும். எஞ்சிய 5.3 கிலோமீட்டரே மேலே உயரும். திபெத்துப் பீடபூமியின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நிலநடுக்க அலைகளைக் கொண்டு அளந்தபோது, தென்திபெத்தின் அடியில் புவியோட்டின் தடிமன் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் எனத் தெரியவந்தது. கணக்கும் அளவையும் ஒத்துநிற்கின்றன.

மூழ்கி மீண்ட பாறைகள்

எனினும் கண்டம் சிறிதும் அமிழவில்லை என்று கொள்ளுதல் பிழையாகும். லடாக்கின் சோ மொராரிப் பகுதிப் பாறைகளில் கோயசைட் என்னும் கனிமம் கிடைத்துள்ளது. இது குவார்ட்சின் மாற்றுருவம். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஆழத்திற்குரிய அழுத்தத்திலேயே உருவாவது. மூழ்கிய கடற்றரையின் பளு, இந்திய நிலத்தின் விளிம்பையும் உடன் இழுத்துச் சென்றிருக்கிறது. அங்ஙனம் சென்ற பாறைகளிற் சில, தம் குறைந்த அடர்த்தியால் மீண்டும் மேலெழுந்து வந்துள்ளன.

மலையின் உயரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. தடித்த புவியோட்டின் அடிப்பகுதி வெப்பத்தால் இளகுவதால், உயர்ந்த நிலம் தன் எடையாலேயே பக்கவாட்டில் பரவ முற்படுகிறது. திபெத்து இன்று கிழக்கு மேற்காக விரிந்து வருவதற்கு அங்குள்ள வடக்குத் தெற்கான பிளவுப் பள்ளத்தாக்குகள் சான்று. இமயத்திலோ நெருக்கம் இன்னும் ஓயவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவு நிலம் அங்குக் குறுகிவருகிறது. பிளவுகள் பூட்டுண்டு கிடக்கையில் அக்குறுக்கம் பாறைகளில் விசையாகச் சேர்கிறது. 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கம், அவ்வாறு சேர்ந்த விசையின் ஒரு பகுதி விடுபட்டதன் விளைவேயாகும். மலையை எழுப்பும் அதே அசைவுதான் அதன் அடிவாரத்து வீடுகளையும் வீழ்த்துகிறது.