சால்வே முறை விடை: அம்மோனியா கணக்கில் கோட்டை விடாதீர்கள்

சமன்பாடுகள் எல்லாம் சரியாக இருந்தும் இந்தக் கேள்வியில் மார்க் போவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: எந்த வாயு எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது என்பதில். இன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

- உப்புநீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை முதலில் நீக்குங்கள். விட்டுவைத்தால் கோபுரத்துக்குள் படிந்து அடைத்துவிடும்.

- அம்மோனியாவை முன்னால், கார்பன் டைஆக்சைடைப் பின்னால் செலுத்துங்கள். வெறும் உப்புநீரில் கார்பன் டைஆக்சைடு அதிகம் கரையாது. அம்மோனியா காரத்தன்மை தந்த பிறகுதான் பைகார்பனேட் போதிய அளவு உண்டாகும்.

```
NaCl + NH3 + CO2 + H2O → NaHCO3 + NH4Cl
```

- கோபுரத்தின் அடிப்பகுதி குளிர்விக்கப்படுவதை மறக்காமல் சொல்லுங்கள். வினையில் வெப்பம் வெளிப்படும். குளிர்விக்காவிட்டால் பைகார்பனேட்டில் நிறைய வீழ்படிவாகாமல் கரைசலிலேயே நின்றுவிடும்.

- ஒரு மோலுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், விடைக்கு உயிரே அதுதான். 106 கிராம் சோடியம் கார்பனேட்டுக்கு 2 மோல் பைகார்பனேட் வேண்டும், அதாவது 2 மோல் கார்பன் டைஆக்சைடு. சூளையில் 100 கிராம் சுண்ணாம்புக்கல் தருவது 1 மோல் மட்டுமே. மற்ற 1 மோல், வடிகட்டிய பைகார்பனேட்டைச் சுடும்போது வெளிவந்து கோபுரத்துக்கே திரும்புகிறது.

```
2NaHCO3 → Na2CO3 + CO2 + H2O
```

- சூளையில் மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பையும் கணக்கில் சேருங்கள். அந்த 1 மோலை நீரில் நீற்றி, வடிகட்டியபின் கிடைக்கும் கரைசலோடு சூடாக்கினால், உள்ளே போன 2 மோல் அம்மோனியாவும் திரும்பிவிடும்.

```
2NH4Cl + Ca(OH)2 → 2NH3 + CaCl2 + 2H2O
```

செய்யக்கூடாதவை

- மொத்தச் சமன்பாட்டை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சுண்ணாம்புக்கல்லை உப்புநீரில் போட்டால் ஒன்றும் நடக்காது. கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் கலந்தால் எதிர்த்திசையில்தான் வினை ஓடி, கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும். அந்தத் தடையைச் சுற்றிப் போகத்தான் அம்மோனியா.

- ‘அம்மோனியா இழப்பே இல்லை’ என்று எழுதாதீர்கள். கொஞ்சம் கசியும், அந்த அளவுக்குப் புதிதாகச் சேர்ப்பார்கள்.

- கழிவை மறைக்காதீர்கள். உப்பு முழுவதும் வினைபுரிவதில்லை; குளோரின் அத்தனையும் கால்சியம் குளோரைடாகவும் மிச்ச உப்பாகவும் வெளியேறுகிறது. கால்சியம் குளோரைடு உற்பத்தியாகும் அளவுக்கு விற்பனை கிடையாது.

- பொட்டாசியம் கார்பனேட்டையும் இப்படியே தயாரிக்கலாம் என்று சொல்லாதீர்கள். பொட்டாசியம் பைகார்பனேட் நன்றாகக் கரையும், வீழ்படிவாகாது.

- தூத்துக்குடி ஆலையை இந்த மீட்புச் சுழற்சிக்கு உதாரணம் காட்டாதீர்கள். அது திருத்திய முறை: அம்மோனியம் குளோரைடையே உரமாக விற்பதால் அங்கே அம்மோனியாவும் மூலப்பொருள். உதாரணம் வேண்டுமென்றால் குஜராத்தின் மிதாப்பூரை எழுதுங்கள்.