எல்லையுள்ள கட்டியும் எல்லையற்ற வீக்கமும்

எங்கள் மருத்துவக் கல்லூரியின் நோயியல் காட்சிச்சாலையில் ஒரே அலமாரியில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. இரண்டிலும் அறுவையில் எடுக்கப்பட்டு, நெடுக்காகப் பிளக்கப்பட்ட கருப்பைகள். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே பெருத்துத் தோன்றும். பிளந்த முகத்தைப் பார்த்தால்தான் வேற்றுமை தெரியும். முதல் ஜாடியில், சுவரின் நடுவே வெண்மையான உருண்டை ஒன்று இருக்கிறது. அதன் வெட்டுமுகம் நூற்கண்டுபோல் சுழல்சுழலாக இருக்கும். சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று எல்லை வகுத்திருக்கும். அந்தக் கோட்டில் விரலை நுழைத்து நெம்பினால், பலாச்சுளையிலிருந்து கொட்டை கழல்வதுபோல் உருண்டை கழன்று வந்துவிடும். இரண்டாவது ஜாடியில் உருண்டையே கிடையாது. பின்சுவர் முழுவதும் தடித்துப் போயிருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்களுக்கிடையே ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. நோய் எங்கே முடிகிறது, நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்று கத்திமுனையை வைத்துக் காட்ட எவராலும் இயலாது.

முதலாவது பைப்ராய்டு என்னும் நார்க்கட்டி. கருப்பைத் தசையின் ஓர் உயிரணு பெருகிப் பெருகித் திரண்ட உருண்டை அது; அக்கம்பக்கத்துத் தசையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வளர்கிறது. இரண்டாவது அடினோமயோசிஸ். கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வின் சுரப்பிகள், தமக்குரிய இடத்தை விட்டுத் தசைக்குள் புகுந்து தீவுகள்போல் சிதறிக் கிடப்பதும், அவற்றைச் சுற்றியுள்ள தசை தடித்துப்போவதுமே இந்நோய். வியன்னாவின் ரோக்கிடான்ஸ்கி 1860இல் இதைக் கண்டு எழுதினார். 1908இல் கனடாவில் பிறந்த கல்லன் இதைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார். இத்தனை பழைய நோயாயினும், நம் மொழியில் இதற்கென்று புழக்கத்தில் ஒரு பெயரில்லை. இரண்டையும் 'கர்ப்பப்பைக் கட்டி' என்றே சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டு நேரில் கண்டேன்.

மகளிர் மருத்துவப் பிரிவில் நான் பயிற்சி பெற்று வந்த சமயம். தமிழ் பேசும் நோயாளி ஒருவர் வந்திருப்பதாகவும், அவருக்கு இந்தி சரியாக வராததால் நான் வர வேண்டும் என்றும் அழைப்பு வந்தது. வயது 41, இரண்டு குழந்தைகள், இளையது அறுவை மூலம் பிறந்தது. முகம் வெளிறி, மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையில் வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேன் தாள். வயிற்றின்மேல் கருவியை வைத்து எடுத்த படம் அது. 'பின்சுவரில் 5 செ.மீ. நார்க்கட்டி' என்று எழுதியிருந்தது. கட்டியை மட்டும் குடைந்து எடுத்துவிடலாம் என்று அங்கே நாளும் குறித்துவிட்டார்களாம்.

"கட்டியை எடுத்துட்டா சரியாப் போயிடும் இல்லையா, டாக்டரம்மா? பையை விட்டுடுவாங்கதானே?" என்று கேட்டார்.

"முதல்லே உங்க உடம்பு எப்படி இருந்தது, எப்போ மாறிச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க அக்கா" என்றேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்வரை மாதவிலக்கு ஐந்து நாள், தொந்தரவில்லை. பின்னர் எட்டு ஒன்பது நாளாயிற்று. முதல் மூன்று நாட்களில் இரண்டு மணிக்கொரு முறை துணி மாற்ற வேண்டியிருந்தது. கட்டிகட்டியாக இரத்தம் விழுந்தது. நம் பாட்டிமார் 'பெரும்பாடு' என்று சொல்வார்களே, அதேதான். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் மிகுதி என்பது பாடநூல் கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால், துணி மாற்றும் இடைவெளியும் கட்டிகளும் சோகையுமே எங்களுக்கு அளவுகோல். அவருடைய ஹீமோகுளோபின் 7.4 கிராம்தான் இருந்தது.

இதுவரை கேட்டதெல்லாம் நார்க்கட்டிக்கும் பொருந்தும். என் பேராசிரியை காது கொடுத்துக் கேட்டது வலியின் கதையை. இரத்தம் படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அடிவயிற்றின் ஆழத்தில் வலி தொடங்கி, இடுப்புக்கும் தொடைக்கும் பரவி, போக்கு நிற்கும்வரை நீடிக்கிறது, ஆண்டுக்காண்டு கூடுகிறது. நார்க்கட்டியிலும் கட்டிகள் வெளியேறும்போது வலி உண்டு. ஆனால் அதன் வழக்கமான தொல்லை, பாரமும் அழுத்தமுமாகும். முன்பக்கம் இருந்தால் அடிக்கடி சிறுநீர், பின்பக்கம் இருந்தால் மலச்சிக்கல். அடினோமயோசிஸில் தசைக்குள் சிக்கிய சுரப்பித் தீவுகள் மாதச் சுழற்சிக்கு ஓரளவு இணங்கி வீங்குகின்றன. அங்கே ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் ஏற்கெனவே தடித்த தசையைப் பிடித்து முறுக்குகிறது. வலிக்கும் வீக்கத்துக்கும் அதுவே காரணம்.

அடுத்தது கைப்பரிசோதனை. கருப்பை பெரிதாகி, மிருதுவாக இருக்கும் பெண்ணுக்கு முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எத்தனை வயதானாலும் இதை விடக்கூடாது. சோதித்தோம், கர்ப்பமில்லை. கருப்பை பத்து வாரக் கர்ப்பத்தின் அளவு இருந்தது. நார்க்கட்டியென்றால் பெரும்பாலும் முண்டும் முடிச்சுமாக, கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். அழுத்தினால் பொதுவாக வலிக்காது. இவருக்கோ பந்துபோல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருண்டிருந்தது, சற்றுக் கொழகொழப்பு. பேராசிரியை இரு கைகளுக்கிடையே மெல்ல அழுத்தியதுமே அவர் முகம் சுளித்தார். அன்று மாதச் சுழற்சியின் 24ஆம் நாள். "இரத்தம் நின்ற பிறகு இன்னொரு முறை பார்ப்போம்" என்றார் பேராசிரியை. அடுத்த சுழற்சியில், போக்கு நின்ற மூன்றாம் நாள் மீண்டும் பார்த்தபோது அதே கருப்பை சற்று இறுகியிருந்தது. அழுத்தியும் வலி குறைவு. மாதத்தோடு மாறும் இந்த மென்மையும் வலியும் நார்க்கட்டியில் வழக்கமில்லை. நார்க்கட்டி வலிக்கிறதென்றால் இரத்த ஓட்டம் குறைந்து உள்ளே சிதைகிறதா, காம்புள்ள கட்டி முறுக்கிக்கொண்டதா என்று தேட வேண்டும். அந்த வலி திடீரென்று வரும், மாதக் கணக்குப் பார்ப்பதில்லை.

அளவும் ஒரு குறிப்புத் தரும். அடினோமயோசிஸ் தனித்து இருக்கையில் 12 வார அளவைத் தாண்டுவது அரிது. நார்க்கட்டியோ தொப்புளை எட்டும்வரை வளரலாம். ஆயினும் கையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சுவரின் நடுவே ஒற்றை நார்க்கட்டி இருந்தாலும் கருப்பை சீராக உருளும். போதாக்குறைக்கு, இரண்டு நோயும் ஒரே கருப்பையில் குடியிருப்பதும் சர்வ சாதாரணம்.

ஆகவே படம் வேண்டும். அதுவும் யோனி வழியாகக் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டு வேண்டும். வயிற்றின்மேல் எடுக்கும் படத்தில் தடித்த பின்சுவர் கட்டிபோலவே தெரியக்கூடும். இவருடைய பழைய தாளில் நடந்தது அதுதான். புதிய படத்தை எடுத்தபோது நானும் அருகில் நின்றேன். முன்சுவர் 1.6 செ.மீ., பின்சுவர் 3.8 செ.மீ. பின்சுவரில் சிறுசிறு கறுப்புக் குமிழ்கள். அங்கிருந்து கீழ்நோக்கி விசிறி விரித்தாற்போல் நிழற்கோடுகள். உட்சவ்வும் தசையும் சந்திக்கும் கோடு தெளிவாக ஓட வேண்டிய இடத்தில் அறுந்து அறுந்து மங்கியிருந்தது. இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் பார்த்தால், நாளங்கள் வீங்கிய பகுதியின் ஊடே நேராகப் புகுந்து சென்றன. நார்க்கட்டியாக இருந்தால் நாளங்கள் வெளிவட்டத்தைச் சுற்றி வளைத்துச் செல்லும். நிழலும் கட்டியின் ஓரங்களிலிருந்து விழும். படம் எடுத்த மருத்துவர் அளவுக்குறியை வைத்துக்கொண்டு கட்டியின் விளிம்பைத் தேடினார். ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் வந்து நின்றது. அளக்க விளிம்பு இல்லை என்பதே விடை. இதன் பிறகும் ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கலாம், அதில் சவ்வை அடுத்த தசைப்பட்டை 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் அடினோமயோசிஸ் என்று கொள்வது வழக்கம். இவருக்கு அது தேவைப்படவில்லை.

விளிம்பு இல்லாத ஒன்றைக் குடைந்து எடுக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நார்க்கட்டி அறுவையில், கருப்பையின் சுவரைக் கீறி உருண்டையின் எல்லையை அடைந்ததும் மருத்துவரின் விரல் தானே வழி கண்டுகொள்ளும். இங்கே அந்த வழியே கிடைக்காது. தசையையே வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய இடமெல்லாம் இரத்தம் கசியும். எவ்வளவு வெட்டினாலும் தீவுகள் மிஞ்சும். தையலும் அந்தக் கடினத் தசையை அறுத்துக்கொண்டு வரும். ஹீமோகுளோபின் 7.4 உள்ளவரிடம் இது விளையாட்டல்ல. பிள்ளைப்பேற்றை விரும்பும் சிலருக்கு, தேர்ந்த கைகள் நோயுற்ற தசையைச் செதுக்கி எடுப்பதுண்டு. பின்னர்க் கர்ப்பம் தரித்தால் அந்தச் சுவர் கிழியும் ஆபத்தையும் சொல்லியே செய்வார்கள்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? 'கட்டி' என்ற சொல்லை விட்டேன். "அக்கா, சுவத்துலே ஒரு ஆணி அடிச்சிருந்தா பிடுங்கிடலாம். ஓதம் ஏறின சுவத்துலே எதைப் பிடுங்கறது? உங்களுக்கு ஓதம் ஏறின மாதிரி" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ நாலு வருஷமா நான் சும்மா நடிக்கலை" என்றார். வீட்டில் யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

வயது 40ஐக் கடந்து இவ்வளவு இரத்தம் போவதால், உட்சவ்வில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். புற்றுக்கோ அதன் முன்னிலைக்கோ அடையாளமில்லை. சிரை வழியே இரும்புச்சத்து ஏற்றப்பட்டது. போக்கு மிகுந்த நாட்களில் டிரானெக்சாமிக் அமிலம், வலிக்கு மெபனாமிக் அமிலம். பின்பு இரண்டு வழிகளை அவர்முன் வைத்தோம். ஒன்று, கருப்பையை முழுவதும் எடுத்துவிடுவது. நோய் அதோடு முடியும். மற்றொன்று, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் சாதனத்தைக் கருப்பைக்குள் வைப்பது. அது நோயைக் கரைப்பதில்லை. சவ்வை மெலியச் செய்து போக்கையும் வலியையும் அடக்குகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம்வரை ஒழுங்கற்ற சொட்டு இருக்கும் என்றும், பெருத்த கருப்பையில் சாதனம் தானே நழுவி விழக்கூடும் என்றும் சொன்னோம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரண்டாம் மாதமே 'பலனில்லை' என்று எடுக்கச் சொல்லி வருவார்கள்.

அவர் சாதனத்தைத் தேர்ந்துகொண்டார். ஆறு மாதம் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 11.2. மாதம் இரண்டு நாள் லேசான கறை. வலிக்கு எப்போதாவது ஒரு மாத்திரை. கருப்பை ஏறத்தாழ அதே பத்து வார அளவில்தான் இருந்தது. போகும்போது பழைய ஸ்கேன் தாளை என்னிடம் நீட்டி, அதில் 'கட்டி' என்று இருப்பதை அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுதித் தரச் சொன்னார். பிறர் தாளில் நான் கை வைக்கக்கூடாது என்று சொல்லி, புதிய அறிக்கையின் படி ஒன்றைத் தமிழில் அடிக்குறிப்போடு எழுதிக் கொடுத்தேன்.