ஜூன் 9 அன்றே போயிருக்க வேண்டிய மெயில்

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சப்ளையர் பில்களைப் பார்ப்பது என் வேலை. பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். போன வருஷம் நான் அனுப்பிய மூன்று வரி மெயில் ஒன்றால் கம்பெனிக்கு 27,800 ரூபாய் போனது. அதைவிட, பல வருஷமாக எங்களுக்குச் சரக்கு தரும் ஒரு ஃபவுண்டரிக்காரர் என்னைப் பொய் சொல்பவள் என்று நினைத்துவிட்டார். அந்த மெயிலைத் திருத்தி எழுதிய கதையைத்தான் இங்கே சொல்கிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் யாருக்கும் இது நடக்கலாம்.

நடந்தது இதுதான். 500 பம்பு பாடி காஸ்டிங்குக்கு ஆர்டர் போட்டிருந்தோம். ஒன்று 620 ரூபாய். ஜூன் 3ஆம் தேதி வண்டி வந்தது. கேட்டில் பதிவு போட்டார்கள், ஸ்டோர்ஸில் எண்ணினார்கள், 500 சரியாக இருந்தது. பில் 3,10,000 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 3,65,800. ஆறு நாள் கழித்து, ஜூன் 9 அன்று, இன்ஸ்பெக்‌ஷனில் 38 காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் இருப்பதாக ஒதுக்கிவிட்டார்கள். ஜி.ஆர்.என்.னில் ‘வந்தது 500, ஏற்றது 462’ என்று ஏறியது. ஆர்டர், ஜி.ஆர்.என்., பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் எங்கள் சிஸ்டம் பணத்தை விடும். பில்லில் 500, ஜி.ஆர்.என்.னில் 462. பில் ஹோல்டில் விழுந்தது.

12ஆம் தேதி ஃபவுண்டரியிலிருந்து பணம் கேட்டு மெயில் வந்தது. நான் வழக்கமான பதிலை அனுப்பினேன். இங்கிலீஷில் இருந்த அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“கம்பெனி விதிமுறைப்படி, சரக்குப் பெற்ற பதிவும் பில் சரிபார்ப்பும் முடிந்த பிறகே பணம் வழங்கப்படும். தங்கள் பில் பரிசீலனையில் உள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி.”

இந்த வாசகம் நான் எழுதியதல்ல. நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதி வைத்தது. எல்லாச் சப்ளையருக்கும், எல்லாக் காரணத்துக்கும் இதையே அனுப்பச் சொல்லி எனக்குக் கொடுத்திருந்தார்கள். பின்னால் நடந்த மீட்டிங்கில் “நீங்கதானே அனுப்புனீங்க” என்று கேட்டவர்களுக்கு அப்போது சொல்ல முடியாததால் இங்கே சொல்கிறேன்.

மெயில் போன அரை மணி நேரத்தில் ஃபவுண்டரி உரிமையாளரே போன் செய்தார். “ஏனுங் அம்மணி, சரக்கே வந்து சேரலீன்னு சொல்றீங்களா? உங்க கேட்டுல சலான்ல சீல் போட்டுக் குடுத்தது எங்கிட்ட இருக்குதுங்க.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெயிலைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. ‘சரக்குப் பெற்ற பிறகு பணம்’ என்று நான் எழுதியதை அவர் ‘சரக்கு இன்னும் பெறவில்லை’ என்று படித்திருக்கிறார். அவர் படித்ததில் தப்பே இல்லை. அவருக்குச் சரக்குப் பெறுவது என்றால் கேட்டில் சீல் விழுவது. நமக்கு அது இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து ஜி.ஆர்.என். போடுவது. இரண்டுக்கும் நடுவில் ஆறு நாள் இருந்தது. ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு நாளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்.

“இல்லீங்ணா, சரக்கு வந்துருச்சு. 38 பீஸ்ல ப்ளோ ஹோல் இருக்குதுங்க, அதான் நிக்குது” என்று போனில் சொன்னேன். பர்ச்சேஸ் மேனேஜரும் அவரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். அதோடு நான் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும்விட அதிகம் செலவு வைத்த தப்பு இதுதான். போனில் சொன்னதை எழுத்தில் சொல்லவில்லை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்றுக்கொண்ட நாள் எது என்றால் சரக்கு வந்து இறங்கிய அதே நாள். அந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள கெடு, ஆனால் எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. மாறாக, அந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லிவிட்டால், அந்த ஆட்சேபத்தைச் சப்ளையர் தீர்த்துவைக்கும் நாளிலிருந்துதான் கெடு தொடங்கும்.

அந்த ஃபவுண்டரி உத்யம் பதிவு உள்ள குறுந்தொழில். ஜூன் 18 தாண்டியது. ஜூலை 18 தாண்டியது. பில் ஹோல்டிலேயே கிடந்தது. ஜூலை கடைசியில் அவருடைய ஆடிட்டரிடமிருந்து கடிதம் வந்தது: “38 காஸ்டிங் சரியில்லை என்று எழுத்தில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? முழுப் பணத்தையும் கொடுங்கள், இல்லையென்றால் சமாதான் போர்ட்டலில் மனு போடுவோம்.” எங்களிடம் காட்ட இருந்தது 12ஆம் தேதி மெயில் மட்டும். அதில் 38 என்ற எண்ணே இல்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது ஆட்சேபம் ஆகாது. முழுத் தொகையையும் கொடுத்தோம். வட்டி வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. மீட்டிங்கில் பர்ச்சேஸ் மேனேஜர், “அக்கவுன்ட்ஸ்ல மெயில் போட்டுருப்பாங்கன்னு நெனச்சேன்” என்றார். ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் முதலில் போவது அவர் மேஜைக்குத்தான். எனக்கு அது காப்பியாகத்தான் வரும். உங்கள் ஆபீஸிலும் இப்படித்தான் இருக்கும். அதனால் அவர் எழுதுவார் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, ஜூன் 9 அன்று என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். நாலு தடவை அடித்துத் திருத்திய பிறகு வந்தது இது:

“பொருள்: பில் எண் 118, 500 பாடி காஸ்டிங் – ஏற்றது 462, ஏற்காதது 38

வணக்கம். உங்கள் 500 காஸ்டிங்கும் ஜூன் 3 அன்று எங்கள் கேட்டுக்கு வந்து சேர்ந்தன. எண்ணிக்கை சரியாக இருந்தது.

இன்று இன்ஸ்பெக்‌ஷனில் 38 காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் இருந்தது. அந்த 38ஐயும் நாங்கள் ஏற்கவில்லை. ரிப்போர்ட்டும் போட்டோவும் இத்துடன் இருக்கின்றன. நேரில் பார்க்க வேண்டுமானால் ஜூன் 16க்குள் வாருங்கள்.

பில் 500க்கு இருக்கிறது, நாங்கள் ஏற்றது 462. இரண்டும் ஒத்துப்போகாததால் பில்லை முழுத் தொகைக்குப் பாஸ் செய்ய முடியவில்லை. 38க்கு உரிய ரூ. 27,800.80க்கு, உங்கள் பில் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு கிரெடிட் நோட் அனுப்புங்கள். மாற்றுச் சரக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்குத் தனி பில் போடுங்கள்.

462க்கு உரிய ரூ. 3,37,999.20இல் எந்தப் பிரச்சினையும் இல்லை. அது ஜூலை 17க்குள் உங்கள் கணக்கில் சேரும்.”

அப்படித் திருத்தியபோது ஒரு தப்பு கண்ணில் பட்டது. ‘எங்கள் பில் எண்’ என்று எழுதியிருந்தேன். பில் அவருடையது. ‘உங்கள் பில் எண்’ என்று மாற்றினேன். சின்ன விஷயம்தான், ஆனால் வேறு எண் போட்ட கிரெடிட் நோட் வந்தால் மேட்சிங்கில் அதுவும் நின்றுவிடும்.

முதல் வரியில் சரக்கு வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. எங்கள் மேனேஜருக்கும் இருந்தது. ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிகளைச் சப்ளையர் நிதானமாகப் படிப்பார். ‘கம்பெனி விதிமுறை’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். நம் விதிமுறை சப்ளையரைக் கட்டுப்படுத்தாது, சட்டத்தின் கெடுவையும் தள்ளி வைக்காது. மேட்சிங் முடிந்து 60 நாள் என்று ஆர்டரிலேயே அச்சடித்திருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாள்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தைக் கொடுக்கும் வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ‘ஏற்கவில்லை’ என்ற சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘சில குறைகள் காணப்பட்டன’ என்று மென்மையாக எழுதினால் அது ஆட்சேபமா இல்லையா என்று பின்னால் வாதம் வரும்.

கடைசிப் பத்திக்காகத்தான் ஆபீஸில் அதிகம் சண்டை போட்டேன். 38க்காக 462இன் பணத்தை நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம். கிரெடிட் நோட் சீக்கிரம் வரும் என்பது காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 38க்கு டெபிட் நோட் போட்டுக் கழித்துக்கொண்டு, தகராறு இல்லாத பணத்தைக் கொடுத்துவிடலாம், சிஸ்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பணத்துக்கான கெடுவையும் ஜூன் 3இலிருந்தே எண்ணினேன், அதுதான் பாதுகாப்பு.

இந்த மெயிலால் தீராத ஒன்றும் இருக்கிறது. சில ப்ளோ ஹோல் மேலே தெரியாது. மெஷினிங் போட்டு ஒரு மில்லிமீட்டர் சீவின பிறகோ, தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போதோதான் தெரியும். மெஷின் ஷாப்புக்குக் காஸ்டிங் மூன்று வாரம் கழித்துப் போனால் 15 நாள் தாண்டிவிடும். அதனால் இப்போது ஒவ்வொரு லாட்டிலும் பத்து காஸ்டிங்கை முதல் வாரத்திலேயே மெஷினிங் போடச் சொல்லியிருக்கிறோம். மீதியில் வருவது வரத்தான் செய்யும்.

அக்டோபரில் அதே ஃபவுண்டரியிலிருந்து 400 வந்தது, 11 ரிஜெக்ட். அன்று மாலையே தமிழில் மெயில் போனது. நாலாம் நாள் கிரெடிட் நோட் வந்துவிட்டது. அவரிடமிருந்து போன் எதுவும் வரவில்லை.

உங்களிடமும் ஹோல்டில் கிடக்கும் பில் இருந்தால், சரக்கு இறங்கிய தேதியை இன்றைக்கே பாருங்கள். 15 நாள் ஆகவில்லை என்றால், போனில் யார் என்ன பேசியிருந்தாலும், எத்தனை பீஸை ஏற்கவில்லை என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.